10 பவுண்டு பந்தயம், 140 பவுண்டு பொறுப்பு: ‘லே பெட்’ கணக்கு என்ன?

2011 டிசம்பரில் அயர்லாந்தின் லெப்பர்ட்ஸ்டவுன் மைதானத்தில் நடந்த குதிரைப் பந்தயம் அது. வோலர் லா வெடெட் என்ற குதிரை ஜெயிக்கும் நிலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, பெட்ஃபேர் இணையதளத்தின் திரையில் ஒரு விநோதம் தெரிந்தது. அந்தக் குதிரை தோற்கும் என்று யாரோ 2.1 கோடி பவுண்டு பந்தயத்தை ஏற்கத் தயாராக நின்றார். அதுவும் ஒன்றுக்கு 28 மடங்கு தருவதாக. குதிரை ஜெயித்தது. முழுப் பந்தயத்துக்கும் ஆள் வந்திருந்தால் அவர் கொடுக்க வேண்டிய தொகை கிட்டத்தட்ட 60 கோடி பவுண்டு. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கணக்கில் 1,000 பவுண்டுகூட இல்லை; ஒரு தானியங்கி மென்பொருள் செய்த வேலை அது. கணக்கில் இருக்கும் பணத்துக்கு மேல் பந்தயம் ஏற்பதைத் தடுக்க வேண்டிய கட்டுப்பாடு, தொழில்நுட்பக் கோளாறால் வேலை செய்யவில்லை. ஓட்டத்தின் நடுவே நடந்த பந்தயங்களை நிறுவனம் ரத்து செய்தது. ஜெயித்துவிட்டோம் என்று குதித்தவர்களுக்குக் கடும் கோபம்.

2.1 கோடி எப்படி 60 கோடி ஆனது? ‘லே பெட்’ என்பதன் கணக்கு முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வழக்கமான பந்தயக் கடையில் வாடிக்கையாளர் பணம் கட்டுவார், கடைக்காரர் ஏற்பார். 2000-ம் ஆண்டு லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர் போன்ற ‘எக்ஸ்சேஞ்ச்’களில் கடைக்காரர் கிடையாது. ஒரு வாடிக்கையாளர் ‘இந்தக் குதிரை ஜெயிக்கும்’ என்பார், அவர் பேக்கர். இன்னொருவர் ‘ஜெயிக்காது, உங்கள் பந்தயத்தை நான் ஏற்கிறேன்’ என்பார், அவர் லேயர். நிறுவனம் இருவரையும் சேர்த்துவிட்டு, ஜெயித்தவரிடம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அதாவது, லே பெட் போடுபவர் அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் கடைக்காரர் ஆகிறார்.

கடைக்காரர் என்றால் ஜெயித்தவருக்குப் பட்டுவாடா செய்ய வேண்டுமே? அந்தப் பட்டுவாடாத் தொகைதான் ‘லயபிலிட்டி’, நம் மொழியில் பொறுப்புத் தொகை.

ஒரு குதிரையின் விலை திரையில் 5.0 என்று இருக்கிறது. ஆட்ஸ் என்று சொல்லப்படும் இந்த எண், பேக்கர் கட்டிய பணத்தையும் சேர்த்தது. அவர் 10 பவுண்டு கட்டி ஜெயித்தால் கையில் 50 வரும். அதில் 10 அவருடைய சொந்தப் பணம், 40 லாபம். அந்த 40 லேயரின் பாக்கெட்டிலிருந்து வர வேண்டும். குதிரை தோற்றால் லேயருக்குக் கிடைப்பது பேக்கரின் 10 மட்டும். எனவே ஆட்ஸிலிருந்து ஒன்றைக் கழித்து, பேக்கரின் பந்தயத் தொகையால் பெருக்கினால் லேயரின் பொறுப்பு வந்துவிடும்.

```
பொறுப்பு = பேக்கரின் தொகை × (ஆட்ஸ் − 1)
10 × (5.0 − 1) = 40
```

புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். லே பகுதியில் தொகை கேட்கும் கட்டத்தில் ‘10’ என்று தட்டும்போது, ‘போனால் பத்து பவுண்டுதானே’ என்று மனசு சொல்லும். ஆனால் அது பேக்கரின் பத்து. லேயர் ஜெயித்தால் வரப்போவது. தோற்றால் போகப்போவது பக்கத்தில் ‘லயபிலிட்டி’ என்று சின்னதாகக் காட்டப்படும் எண். அதே 10 பவுண்டை 15.0 ஆட்ஸில் ஏற்றால் பொறுப்பு 140. ‘இந்த நொண்டிக் குதிரையா ஜெயிக்கப்போகுது’ என்று நினைத்து ஏற்பதுதான் லேயருக்கு அதிகச் செலவு வைக்கும் பந்தயம். அபூர்வமாகத்தான் தோற்பார், தோற்கும்போது பதினான்கு வெற்றிகளில் சேர்த்தது ஒரே ஓட்டத்தில் போகும்.

இதைத் தவிர்க்கக் கணக்கைத் திருப்பிப் போடுவார்கள் அனுபவசாலிகள். ‘எவ்வளவு ஏற்கலாம்’ என்று ஆரம்பிக்காமல், ‘எவ்வளவு போனால் தாங்கும்’ என்று ஆரம்பிப்பது. தாங்கக்கூடியது 40 பவுண்டு என்றால், 5.0 ஆட்ஸில் நான்கால் வகுத்து 10 பவுண்டு ஏற்கலாம். 15.0-ல் பதினான்கால் வகுத்தால் 2.85 தான் வரும். பொறுப்பு மாறாது, ஏற்கும் தொகைதான் சுருங்கும்.

சரி, கையில் எவ்வளவு இருக்க வேண்டும்? பந்தயம் ஏற்கும் நொடியிலேயே பொறுப்புத் தொகை முழுவதையும் எக்ஸ்சேஞ்ச் முடக்கிவிடும். எதிராளி கிடைக்காமல் வரிசையில் காத்திருக்கும் பந்தயத்துக்கும் இதே கதைதான். எனவே ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு ஓட்டங்களில் தலா 40 பொறுப்பு என்றால் 120 பவுண்டு கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.

ஒரே ஓட்டத்தில் இரண்டு குதிரைகளை ஏற்றால் மட்டும் கொஞ்சம் சலுகை உண்டு, ஏனென்றால் ஜெயிப்பது ஒன்றுதான். முதல் குதிரை 6.0, இரண்டாவது 4.0, தலா 10 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் பொறுப்பு 50, 30. முதல் குதிரை ஜெயித்தால் 50 போகும், ஆனால் தோற்ற இரண்டாவதன் 10 வரும். நிகர நஷ்டம் 40. இரண்டாவது ஜெயித்தால் 20 தான். இரண்டு பந்தயங்களும் உறுதியான பிறகு முடங்குவது மோசமான நிலைக்கான 40 மட்டும். திரையில் ‘எக்ஸ்போஷர்’ என்று வரும் எண் இது.

ஆனால் ஒரு பந்தயத்துக்குப் போதுமான பணம், ஒரு மாதத்துக்குப் போதாது. 5.0 ஆட்ஸ் நியாயமான விலை என்றால், குதிரைக்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. அப்படிப் பத்து ஓட்டங்களில் தலா 10 பவுண்டு ஏற்கிறார் ஒருவர். சராசரியாக இரண்டில் தோற்பார்; அப்போது வரவும் செலவும் 80-க்கு 80. ஆனால் சராசரி என்பது வாக்குறுதி இல்லை. மூன்று அல்லது அதற்கு மேல் தோற்க கிட்டத்தட்ட மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்று தோற்றால் 50 பவுண்டு நஷ்டம், நான்கு என்றால் 100, ஐந்து என்றால் 150. தோல்விகள் எல்லாம் ஆரம்பத்திலேயே வரிசையாக வந்தால், பின்னால் வரும் வெற்றிக்குக் காத்திருக்கவும் பணம் இருக்காது. 40 பவுண்டு பொறுப்பு எடுப்பவர் கணக்கில் 40 மட்டும் வைத்திருந்தால், முதல் ஓட்டத்திலேயே வெளியேற ஐந்தில் ஒரு வாய்ப்பு. 200 வைத்திருந்தால் தொடர்ச்சியாக ஐந்து அடி வரை நிற்கலாம். அப்படி நடக்க 3,125-ல் ஒரு வாய்ப்புதான்.

இதில் கமிஷனை மறந்துவிடக் கூடாது. அது ஜெயித்த தொகையில்தான் பிடிக்கப்படும். 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், லேயர் ஜெயிக்கும்போது கைக்கு வருவது 9.50, தோற்கும்போது போவது முழு 40. எட்டு வெற்றி, இரண்டு தோல்வி என்ற ‘சரிசமமான’ பத்து ஓட்டங்களின் முடிவில் 76 வந்து 80 போயிருக்கும். நியாயமான விலையில் ஏற்றுக்கொண்டே இருப்பவர், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், மெல்ல மெல்லக் கரைவார். பெரிய கையிருப்பு கரையும் நேரத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

இதெல்லாம் பிரிட்டனில் உரிமம் பெற்று நடக்கும் தொழிலின் கணக்கு. இந்தியாவில் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. அதனால் ‘லே, பேக்’ என்ற இரண்டு கட்டங்களோடு கிரிக்கெட் விலை காட்டும் ஆப் லிங்க் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால், அதில் முடங்கும் பொறுப்புத் தொகையைத் திரும்பக் கேட்க இங்கே உரிம அதிகாரியோ புகார் மேசையோ கிடையாது.