நாம் வைத்த தலைப்பை கூகுள் ஏன் மாற்றுகிறது?

ஒரு கல்லூரியின் இணையதளத்தில் மாணவர் சேர்க்கைக்கென ஒரு பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலில் இரண்டு வரிகள் இப்படி இருக்கின்றன:

```html
<title>Admission 2023 | Best College, Top College, No.1 College</title>
<h1>இளநிலைப் பட்டப்படிப்பு சேர்க்கை 2025-26</h1>
```

முதல் வரி, தேடுபொறிக்காகவும் உலாவியின் தாவலுக்காகவும் எழுதப்படும் தலைப்பு. இரண்டாவது, பக்கத்தைத் திறந்தவுடன் பெரிய எழுத்தில் கண்ணில் படும் தலைப்பு. கூகுளில் தேடும்போது முதல் வரிதான் நீல எழுத்தில் வரும் என்று கல்லூரி நிர்வாகம் எதிர்பார்க்கும். ஆனால் இரண்டாவது வரி வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

கூகுள் இதை வேண்டுமென்று செய்வதில்லை. 2021 ஆகஸ்டில் தலைப்புகளை உருவாக்கும் முறையை அது மாற்றியது. பலருடைய தலைப்புகள் திடீரென மாறியதால் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே முறையைச் சீர்செய்து, ஏறக்குறைய 87 சதவீத முடிவுகளில் பக்கத்தின் சொந்தத் தலைப்பையே பயன்படுத்துவதாக அறிவித்தது. மற்ற இடங்களில் பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பு, உள்ளே இருக்கும் வேறு தலைப்புகள், பிற பக்கங்கள் இந்தப் பக்கத்துக்குக் கொடுத்துள்ள இணைப்புகளின் சொற்கள் ஆகியவற்றிலிருந்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

நம் கல்லூரியின் தலைப்பில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது, பழைய ஆண்டு. பக்கத்தை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தலைப்பை மட்டும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே 2025-26 என்று இருக்க, தலைப்பு 2023 என்றால் அது காலாவதியானது என்று கூகுள் முடிவு செய்கிறது. இரண்டாவது, ஒரே சொல்லை மாற்றி மாற்றி அடுக்கியிருப்பது. "பெஸ்ட்", "டாப்", "நம்பர் ஒன்" என்ற அடுக்கு பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

மூன்றாவது கோளாறு தமிழ்த் தளங்களில் நிறைய நடப்பது. பக்கம் முழுக்கத் தமிழில் இருக்க, தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தலைப்பாக வைப்பவர்களும் உண்டு. தலைப்பின் மொழியும் எழுத்தும் பக்கத்தின் முதன்மை உள்ளடக்கத்தோடு பொருந்தவில்லை என்றால் வேறு தலைப்பைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. தமிழில் எழுதும் நாம் தலைப்பையும் தமிழிலேயே வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மூன்றையும் ஒரே வரியில் சரிசெய்துவிடலாம்:

```html
<title>இளநிலைப் பட்டப்படிப்பு சேர்க்கை 2025-26 - கல்லூரியின் பெயர்</title>
```

இப்போது இரண்டு தலைப்புகளும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முரண்படாமல் இருந்தால் போதும். பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு மூன்று பெரிய தலைப்புகள் இருந்தால், எது முதன்மையானது என்று கூகுள் குழம்பலாம். ஒன்றை மட்டும் பெரிதாக, மேலே வையுங்கள். முதுநிலை, விடுதி, கட்டணம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம் என்றால், அவற்றை வேறுபடுத்திக் காட்ட கூகுளே சொற்களைச் சேர்க்கும்.

திருத்துவதற்கு முன், தலைப்பு உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி வந்து மூன்று புள்ளிகளோடு நின்றால் பெரும்பாலும் அது மாற்றமல்ல, இடம் போதாமல் வெட்டப்பட்டது. முக்கியமான சொற்களை முன்னால் கொண்டுவந்தால் தீரும். கல்லூரியின் பெயர் மட்டும் விடுபட்டாலும் கவலை வேண்டாம்; தளத்தின் பெயரைக் கூகுள் தலைப்புக்கு மேலே தனியாகக் காட்டுகிறது. சொற்களே வேறாக இருந்தால்தான் அது மாற்றம். அந்தச் சொற்களை உங்கள் பக்கத்தில் தேடுங்கள். எங்கே கிடைக்கின்றனவோ, அங்கிருந்துதான் கூகுள் எடுத்திருக்கிறது. எங்குமே கிடைக்காவிட்டால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளின் சொற்களாக இருக்கலாம்.

திருத்தியதும் முடிவுகள் உடனே மாறிவிடாது. கூகுள் பக்கத்தை மீண்டும் வந்து படிக்க வேண்டும்; அதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். சர்ச் கன்சோலில் URL Inspection பகுதியில் முகவரியைக் கொடுத்து Request Indexing அழுத்தினால், மீண்டும் வரும்படி கேட்கலாம். "என் தலைப்பை மாற்றாதே" என்று கட்டளையிட வழி எதுவும் இல்லை. ஆகவே எல்லாப் பக்கங்களையும் ஒரே நாளில் திருத்த முனையாமல், அதிகம் பேர் தேடி வரும் பக்கங்களில் தொடங்குங்கள். ஆண்டு குறிப்பிட்ட பக்கங்கள் எவை என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தைத் திருத்தும் அதே நாளில் தலைப்பையும் திருத்திவிடுங்கள்.