கிரெடிட் கூடிய பாடத்தில் கண் வையுங்கள்

அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் மாணவரின் மதிப்பெண் பட்டியலில் ஓ என்றால் 10 புள்ளி, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. இந்தப் புள்ளிகளை அப்படியே கூட்டி வகுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

நான்கு பாடங்களை வைத்துப் பார்ப்போம். கணிதம் 4 கிரெடிட், பி கிரேடு: 24. இயற்பியல் 3 கிரெடிட், ஏ: 24. நிரலாக்கம் 3 கிரெடிட், ஏ பிளஸ்: 27. ஆய்வகம் 2 கிரெடிட், ஓ: 20. மொத்தம் 95; அதை 12 கிரெடிட்டால் வகுத்தால் 7.92. வெறும் புள்ளிகளின் சராசரியோ 8.25 என்று ஏமாற்றும். ஆய்வகத்தில் வாங்கிய ஓ, கணிதத்தின் சறுக்கலை ஈடுகட்டவில்லை. அந்தக் கணிதத்தில் ஏ வாங்கியிருந்தால் சராசரி 8.58 ஆகியிருக்கும்.

எல்லாப் பருவங்களையும் சேர்த்த சி.ஜி.பி.ஏ.வுக்கும் இதே கணக்குதான். ஆனால் கிரெடிட் சேரச் சேர அதை அசைப்பது கடினம். மொத்தம் 165 கிரெடிட் கொண்ட படிப்பில் 90 கிரெடிட் முடித்து 7.0 வைத்திருப்பவர், 7.5-இல் முடிக்க மீதி 75 கிரெடிட்டில் சராசரியாக 8.1 எடுக்க வேண்டும். முயன்றால் முடியும். 130 கிரெடிட் வரை 7.0-இலேயே இருந்துவிட்டால் தேவைப்படுவது 9.36! வேலைவாய்ப்புத் தேர்வுக்கு முந்தைய பருவத்தில் விழித்துக்கொள்பவர்கள் தவிப்பது இதனால்தான்.

அடுத்த பருவப் பாடப் பட்டியல் கைக்கு வந்ததும், 4 கிரெடிட் பாடங்கள் எவை என்று முதலில் பாருங்கள்.