ஒரே தேடலுக்கு இரண்டு வீடியோ

ஒரு சமையல் சேனலில் ‘இட்லி பொடி செய்வது எப்படி’ என்று பழைய வீடியோ ஒன்று இருக்கிறது. எள் சேர்த்த பொடிக்கும் அதே தலைப்பை வைத்தால், ஒரே தேடலில் இரண்டும் மோதிக்கொள்ளக்கூடும். வரும் பார்வையாளர்கள் பிரிந்துபோகலாம்.

யூடியூப் ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவின் அனலிடிக்ஸிலும் ‘YouTube search’ பகுதியைத் திறந்து, மக்கள் தட்டிய சொற்களைப் பாருங்கள். இரண்டிலும் ‘இட்லி பொடி’யே முன்னால் நின்றால் மோதல் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அந்தச் சொல்லில் வந்தவர்கள் அதிக நேரம் பார்க்கும் வீடியோவைத் தொடாதீர்கள். மற்றதன் தலைப்பை, விளக்கத்தின் முதல் வரியை, தம்ப்நெய்லை ‘கருப்பு எள் இட்லி பொடி’ என்று மாற்றுங்கள். அழிக்க மட்டும் வேண்டாம், சேர்த்த பார்வைகளும் கருத்துகளும் அதோடு போய்விடும். வீடியோ முடியும் திரையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு வழி வையுங்கள்.