நடுராத்திரியில் ஊறும் புளித்த தண்ணீர்

வயிற்றுப்பாடு – 14

வாயில் எச்சில் ஊறினால் வயிற்றில் பூச்சி என்று நம் ஊரில் ஒரு முடிவு உண்டு. பெரியவர்களே சொல்லிவிடுவார்கள், மருந்துக்கடைக்காரரும் தலையாட்டிவிட்டு ஒரு அல்பெண்டசோல் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவர், அப்படி மூன்று முறை பூச்சி மாத்திரை போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார். கூட அவர் மனைவி.

"ராத்திரி ஒரு மணி ஆனா போதும் டாக்டர், எழுந்து உட்கார்ந்து துப்பிக்கிட்டே இருக்காரு. தலைமாட்டுல ஒரு சொம்பே வச்சுட்டேன்."

"வாய் முழுக்கத் தண்ணியா ரொம்பிடுது சார். லேசா புளிப்பு, கொஞ்சம் உப்பு. வாந்தி வர்ற மாதிரி இருக்கும், ஆனா வராது."

அவர் சொன்ன இந்தக் கடைசி வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. வாந்திக்கு முன்னால் எல்லோருக்கும் எச்சில் ஊறும். அதற்குப் பின்னால் குமட்டலும் வாந்தியும் வரும். இவருக்கு வரவில்லை. அடுத்து நான் கேட்டது அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். சோற்றுப் பருக்கையோ குழம்போ கலந்து வருகிறதா? இல்லை. மஞ்சளாக, கசப்பாக? இல்லை. தெளிந்த தண்ணீர். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருகிறது. பகலில் வாடிக்கையாளர் முன்னால் குனிந்து சேலையை விரித்து மடிக்கும்போதும் சில நாள் வருகிறதாம். நெஞ்சுக்குழியில் கரிப்பு உண்டா என்றால், "அது எப்பவும் இருக்கிறதுதானே சார்" என்றார். அதை ஒரு தொந்தரவாகவே அவர் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

தெளிந்து வரும் இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி வயிற்றிலிருந்து வருவதே இல்லை. வாயிலேயே சுரப்பது. இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு உள்ளே போகும்போது திறந்து, போனதும் இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. அது வேளை கெட்ட நேரத்தில் தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலே ஏறிவிடும். இரைப்பையின் உட்சுவர் அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாயின் சுவருக்கு அந்தத் தெம்பு கிடையாது. அமிலம் பட்டதும் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்பு மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புகிறது. அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு ஆணை போகிறது. தாடைக்கு அடியிலும் நாக்குக்குக் கீழேயும் காதுக்கு முன்னாலும் இருக்கும் அந்தச் சுரப்பிகள் சட்டென்று திறந்துகொள்ளும், வாய் நிரம்பிவிடும். மேலே ஏறிவந்த அமிலம் கொஞ்சம் தொண்டை வரை எட்டினால் அந்தப் புளிப்பும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? உமிழ்நீரில் பைகார்பனேட் இருக்கிறது. நாம் கடையில் வாங்கிக் குடிக்கும் அசிடிட்டி மருந்துகள் செய்யும் அதே வேலையை அது செய்யும். 1984-ல் அமெரிக்காவில் ஹெல்ம், டாட்ஸ் முதலிய மருத்துவர்கள் இதை ஒரு பரிசோதனையில் காட்டினார்கள். உணவுக்குழாய்க்குள் 15 மில்லி அமிலத்தை விட்டு, அரை நிமிடத்துக்கு ஒரு முறை விழுங்கச் சொன்னார்கள். ஒன்றிரண்டு விழுங்கலிலேயே கிட்டத்தட்ட மொத்த அமிலமும் கீழே இறங்கிவிட்டது. ஆனால் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் மட்டும் குழாயைப் புளிப்பாகவே வைத்திருந்தது. அடுத்தடுத்து விழுங்கிய உமிழ்நீர்தான் படிப்படியாக அதைச் சரிசெய்தது. வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எத்தனை முறை விழுங்கினாலும் புளிப்பு போகவில்லை.

ஆகவே, துப்பாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் மனைவி முகம் சுளித்தார். அழுக்கு வெளியே போகட்டும் என்றுதானே சொம்பு வைத்திருந்தார்? ராத்திரி ஒரு மணிக்கு உடம்பு கஷ்டப்பட்டுச் சுரந்த மருந்து முழுவதும் அந்தச் சொம்புக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்து, வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கி, மேலே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் கரிப்பு சீக்கிரம் அடங்கும்.

ராத்திரியில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்கும் காரணம் எச்சில்தான். பகலில் நாம் அறியாமலே விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும், விழுங்குவதும் அபூர்வம். படுத்திருப்பதால் அமிலம் தானாகக் கீழே இறங்கவும் வழியில்லை. பகலில் சில நிமிடத்தில் கழுவிப் போகும் அமிலம் ராத்திரியில் வெகுநேரம் தங்கிப் புண்ணாக்குகிறது. அதன் உறுத்தலில் தூக்கம் கலைந்த பிறகுதான் சுரப்பிகள் விழிக்கின்றன.

இவருடைய ராத்திரியைக் கேட்டால் போதும், வேறு பரிசோதனையே வேண்டாம். கடை சாத்த ஒன்பதரை. வீடு வந்து சேரப் பத்தரை. வழியில் வாங்கிய பரோட்டா, சால்னா. சாப்பிட்டதும் வயிறு உப்புசமாக இருக்கிறது என்று ஒரு சோடா. பதினொன்றேகாலுக்குப் படுக்கை. எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்காது. சோடா வாயு ஏப்பமாக வெளியேறும்போதெல்லாம் அந்த வளையத்தசை திறக்கும். ஏப்பம் விட்டதும் சுகமாக இருப்பதால் சோடாவை யாரும் சந்தேகப்படுவதில்லை. எழுந்ததும் ஒரு டம்ளர் குளிர்ந்த பாலும் குடிப்பாராம். பால் சற்று நேரம் இதமாக இருக்கும். பிறகு அதுவே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். போதாக்குறைக்கு ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிறார். அது சிலருக்கு இந்தத் தசையையும் தளர்த்தும். அதை அவராக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி மாற்று கேட்கலாம் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.

மருந்து என்று பார்த்தால் அவர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான் நானும் கொடுத்தேன். பான்டோப்ரசோல் 40 மில்லிகிராம். அவர் அதைத் தொந்தரவு வந்த பிறகு, ராத்திரி ஒரு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அமிலம் சுரக்கும் செல்களில் உள்ள பம்புகள் வேலை செய்யும்போதுதான் இந்த மாத்திரையால் அவற்றை அடைக்க முடியும். பம்புகள் பெருவாரியாக விழிப்பது சாப்பாடு உள்ளே போகும்போது. அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில், தினமும், எட்டு வாரம். ராத்திரி திடீரென்று வந்தால் ஒரு ஜெல் மருந்து. இந்த மாத்திரை மேலே ஏறுவதைத் தடுப்பதில்லை, ஏறுவதன் புளிப்பைத்தான் குறைக்கிறது. அதனால்தான் மாத்திரையோடு படுக்கையையும் மாற்ற வேண்டியிருந்தது.

தலையணைக்கு மேல் தலையணை வைத்துப் பார்த்தேன் என்றார். பெரும்பாலோர் செய்வது அதுதான். அதில் கழுத்தும் வயிறும் மடிந்து, வயிறு அமுங்கி, அமிலம் இன்னும் ஏறும். தலைமாட்டுப் பக்கத்துக் கட்டில் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு முதல் எட்டு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வைக்கச் சொன்னேன். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் இடுப்பிலிருந்தே சரிவாக உயரும்படி மெத்தையைக் கெட்டியாக மடித்துப் போட்டுக்கொள்ளலாம். இடதுபக்கமாகப் படுத்தால் இரைப்பையின் பை கீழேயும் அதன் வாய் மேலேயும் இருக்கும். வலதுபக்கம் படுத்தால் நேர்மாறு. சாப்பாட்டை ராத்திரி எட்டு மணிக்குக் கடையிலேயே, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன இட்லியாக முடித்துக்கொள்ள முதலாளி இடைவேளை கொடுத்தது அவர் அதிர்ஷ்டம். கடை வேலைக்காரர்கள் எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. படுக்கைக்கு முன் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள் என்று நாங்கள் எழுதித் தருவது எத்தனை பேருக்கு நடைமுறையில் சாத்தியம் என்று யோசிப்பதுண்டு.

இரண்டு வாரத்தில் ராத்திரித் தொந்தரவு குறைந்தது. எட்டு வாரம் முடிந்து மாத்திரையை நிறுத்தியதும் சில நாள் மறுபடி கரித்தது. நிறுத்தியவுடன் அமிலச் சுரப்பு கொஞ்ச காலம் எகிறுவது உண்டு. அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று ஆயுள் முழுக்க மாத்திரையோடு இருந்துவிடுகிறவர்கள் நிறைய. இவர் ஜெல் மருந்தை வைத்துச் சமாளித்துத் தாண்டிவிட்டார்.

வாயில் தண்ணீர் வருகிறது என்று சொல்லும் எல்லோரும் இவர் அல்ல. அறுபது தாண்டிய ஒரு அம்மா இதே வார்த்தைகளோடுதான் வந்தார். புளிப்பு இருக்கிறதா என்றால் இல்லை. கொழகொழவென்று நுரையாக வருகிறது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்றேன். "மொதல்ல சோறு எறங்கல, கரைச்சுக் குடிச்சேன். இப்ப கஞ்சி மட்டுந்தான் தம்பி." புடவைக் கட்டு தளர்ந்திருந்தது, எடை இறங்கியிருந்தது. அவருக்கு எச்சில் கூடவில்லை. வழக்கமாக நாள் முழுக்க விழுங்குகிற எச்சில் இறங்க வழியில்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் கட்டி. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவு, தார்போல் கறுத்த மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை: இவற்றில் ஒன்று கூடவே இருந்தாலும், அறுபதை ஒட்டிய வயதில் முதன்முதலாக இந்தத் தொந்தரவு வந்தாலும், மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துவிட வேண்டும். கரிப்போடு குப்பென்று வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் ஜெல் மருந்தைத் தேடாமல் ஈ.சி.ஜி. எடுக்க ஓட வேண்டும். வயலில் மருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஒழுகி, கண்ணில் நீர் வழிந்து, உடம்பு வியர்த்து, கண்மணி சுருங்கியிருந்தால் அது பூச்சிமருந்து நஞ்சு. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு முதல் சில மாதங்களில் மசக்கையோடு வரும் எச்சில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

சேலைக்கடைக்காரரின் பற்களைப் பார்த்தபோது மேல்வரிசைப் பற்களின் உட்பக்கம் மழுங்கி மஞ்சளாகத் தெரிந்தது. புளிப்பு போகட்டும் என்று ஒவ்வொரு முறை எழுந்ததும் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்திருக்கிறார். அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும் நேரத்தில் தேய்த்தால் எனாமலையே சுரண்டி எடுப்பதாகும். தண்ணீரிலோ, ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் சமையல் சோடா கரைத்தோ வாய் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிட வேண்டியதுதான். பிரஷ்ஷைக் குறைந்தது ஒரு மணி நேரம் தொடக் கூடாது.

(தொடரும்)