உறுத்தாத லென்ஸும் கண்ணைக் கெடுக்கும்

ஒரு திங்கட்கிழமை காலையில் 22 வயதுப் பெண் ஒருவர், வலக்கண்ணைக் கைக்குட்டையால் மூடியபடி, தாயின் தோளைப் பற்றிக்கொண்டு எங்கள் கண் பிரிவுக்கு வந்தார். வெளிச்சத்தைப் பார்க்க இயலாமல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பவர் இல்லாத லென்ஸ்தானே டாக்டர், கலருக்காகத்தானே போட்டாள். இதிலே என்ன ஆகிவிடும்?" என்று தாய் கேட்டார். இக்கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். ஆகவே அப்பெண்ணின் இசைவைப் பெற்று, அடையாளம் தெரியாதவாறு, நடந்ததை இங்கே எழுதுகிறோம்.

அக்காவின் திருமணத்துக்காக அவர் அழகுப்பொருள் கடை ஒன்றில் தேன்நிற காண்டாக்ட் லென்ஸ் ஒரு ஜோடி வாங்கினார். கடையில் கண்ணை யாரும் பார்க்கவில்லை. நிறத்தை மட்டுமே கேட்டார்கள். புதன்கிழமை மாலை வரவேற்புக்கு அதை அணிந்து, நள்ளிரவில் கழற்றினார். லென்ஸுக்குரிய திரவம் கையில் இல்லாததால், மண்டபத்துக் குழாய் நீரைச் சிறு டப்பாவில் நிரப்பி அதிலே போட்டு வைத்தார். விடியற்காலை முகூர்த்தத்துக்கு மீண்டும் அணிந்தார். பிற்பகலில் களைப்பு மேலிட, கழற்றாமலே இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டார். அன்றிரவு வலக்கண் சிவந்தது. ஹோமப் புகையால் என்று வீட்டார் எண்ணினார்கள்.

லென்ஸ் அணிந்திருந்தபோது உறுத்தியதா என்று கேட்டோம். "இல்லை டாக்டர், போட்டிருப்பதே தெரியவில்லை" என்றார். லென்ஸ் பொருந்திவிட்டது என்பதற்கு இதையே சான்றாகப் பலரும் கருதுகிறார்கள். உண்மை அவ்வாறன்று.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும் பகுதியைக் கார்னியா என்கிறோம். தெளிவாக இருக்கவேண்டும் என்பதனாலேயே அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. நாம் விழித்திருக்கும்போது, அதற்குத் தேவையான ஆக்ஸிஜனில் பெரும்பங்கு காற்றிலிருந்து கண்ணீரில் கரைந்தே வருகிறது. லென்ஸ் அந்த வழியின் குறுக்கே அமர்கிறது. சரியாகப் பொருந்திய மென்லென்ஸ் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அரை மில்லிமீட்டர் அளவுக்குள் சற்றே அசைந்து, திரும்பத் தன் இடத்துக்கு வரும். அந்த அசைவினால் லென்ஸுக்குப் பின்னே தேங்கும் கழிவு வெளியேறிப் புதிய கண்ணீர் உள்ளே புகும்.

லென்ஸ் உறையில் பி.சி. 8.6, டயா 14.5 என்பன போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது, லென்ஸின் உட்புற வளைவைக் குறிப்பது. இரண்டாவது, அதன் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. மனிதருக்கு மனிதர் கார்னியாவின் வளைவும் அகலமும் மாறுபடும். எல்லாருக்கும் ஒரே அளவில் விற்கப்படும் லென்ஸ், சிலரது கண்ணில் தளர்ந்து நழுவும்; சிலரது கண்ணில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தளர்ந்த லென்ஸ் உறுத்தித் தன் குறையைத் தானே சொல்லிவிடும். இறுகிய லென்ஸ் அசையாததால், முதல் சில மணி நேரம் உறுத்துவதே இல்லை. அப்பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. பின்னர் அவருடைய மற்றொரு கண்ணின் வளைவை அளந்து பார்த்தபோது, கடையில் வாங்கிய லென்ஸ் அவருக்கு மிக இறுக்கமானது என்பது தெரிந்தது.

இறுகிய லென்ஸின் அடியில் கார்னியாவின் மேல்தோல் ஆக்ஸிஜன் குறைந்து நலிகிறது. லென்ஸோடு உறங்கினால் இமையும் காற்றை மறைப்பதால், நலிவு மேலும் கூடும். நலிந்த தோலில் நுண்ணிய கீறல்கள் தோன்றும். ஈரமான இடங்களிலும் குழாய் நீரிலும் வாழும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவுக்கு அக்கீறல்களே வாயில். லென்ஸின் பரப்பில் அது எளிதில் ஒட்டிக்கொள்ளும்; உள்ளே புகுந்தபின் கார்னியாவை மணிக்கணக்கில் கரைக்க வல்லது.

வெள்ளிக்கிழமை, உறவினர் ஒருவர் மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதில் நுண்ணுயிர்க் கொல்லியுடன் ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கும். கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் சேர்த்தே அடக்கும். சனிக்கிழமை கண் தெளிந்தது போலத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வலி பொறுக்க முடியாததாயிற்று; கண்ணின் நடுவே ஒரு வெண்புள்ளி கண்ணாடியில் தெரிந்தது.

நாங்கள் பரிசோதித்தபோது கண்மணிக்கு நேர்எதிரே 3 மில்லிமீட்டர் அளவில் புண் இருந்தது. புண்ணைச் சுரண்டி எடுத்த துகளைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். லென்ஸைத் தாய் எறிந்துவிட்டார். நல்வேளையாக, டப்பா கைப்பையில் இருந்தது. புண்ணிலும் டப்பாவிலும் ஒரே கிருமி, சூடோமோனாஸ், வளர்ந்தது. முதல் இரண்டு நாட்கள், இரவிலும், மணிக்கொரு முறை மருந்து விட வேண்டியிருந்தது. தாய் கைப்பேசியில் அலாரம் வைத்து ஒருமுறையும் தவறாமல் விட்டார். ஏறத்தாழ நான்கு வாரங்களில் புண் ஆறியது. ஆனால் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. முன்பு கண்ணாடியின்றியே 6/6 வரியைப் படித்த அக்கண், இப்போது 6/24 வரியோடு நின்றுவிடுகிறது. இன்னும் தெளிவு வேண்டுமெனில், கார்னியா மாற்று அறுவை சிகிச்சையைப் பிற்பாடு எண்ண வேண்டியிருக்கலாம்.

லென்ஸ் அணிந்தவருக்குக் கண் சிவந்தால், உடன் இருப்பவர்கள் முதலில் அதைக் கழற்றச் செய்யுங்கள். கழற்றிய பின்னும் வலியோ, வெளிச்சத்தில் கூச்சமோ, பார்வை மங்கலோ நீடித்தால், அன்றே கண் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டா. வெண்புள்ளி தெரிந்தால் அது அவசரம். கண்ணைக் கட்டி மூடாதீர்கள். வீட்டில் எஞ்சியிருக்கும் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே எடுத்து வாருங்கள். எந்தக் கிருமி என்று அறிய அவை எங்களுக்கு உதவும்.

வண்ண லென்ஸ் அணியவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பவர் இல்லாவிடினும் அது கண்ணின்மேல் அமரும் ஒரு மருத்துவச் சாதனம். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டிலேயே, அழகுக்கான லென்ஸையும் மருத்துவச் சாதனமாகச் சட்டம் வகைப்படுத்தியது. அணிய விரும்புவோருக்கு நாங்கள் கார்னியாவின் வளைவை அளந்து, ஒரு லென்ஸைப் பொருத்தி, அரை மணி நேரம் கழித்து அது இமைப்புக்கு அசைகிறதா என்று ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்போம். அதன்பின் கழற்றவும், உரிய திரவத்தில் தேய்த்துக் கழுவவும் கற்பிப்போம். திருமண ஒப்பனையாளரின் பெட்டியிலிருந்து எடுத்த லென்ஸையோ, தோழி அணிந்ததையோ இத்தகைய பரிசோதனை எதுவும் ஈடுசெய்யாது.

சென்ற மாதம் அப்பெண் மீள்பரிசோதனைக்கு வந்தபோது, கல்லூரியில் படிக்கும் சித்தி மகளையும் உடன் அழைத்து வந்தார். தங்கைக்கு ஆண்டு விழாவில் பச்சை நிற லென்ஸ் அணிய ஆசை. பரிசோதித்தோம். கண் ஒவ்வாமையால் இமைகளின் உட்புறம் தடித்திருந்தது. இப்போதைக்கு லென்ஸ் வேண்டா என்றோம். தங்கையின் முகம் வாடியது. "எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று" என்று அக்கா அவளிடம் மெல்லச் சொன்னார்.