நிலம், மரியாதை, அதிகாரம்: ஒரு தஞ்சைக் கிராமத்தின் கணக்கு

1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றின் அக்ரகாரத்தில் டில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் குடியேறினார். பெயர் ஆந்த்ரே பெத்தேல். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் வங்காளி. ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ‘ஸ்ரீபுரம்’ என்று அழைத்து, அங்கே கண்டதை அவர் 1965இல் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஊரில் அவருக்கு நிலமும் கிடையாது, பதவியும் கிடையாது. ஆனாலும் பிராமணர் வீட்டில் தங்கியதாலேயே, சேரிக்குள் போய் மக்களோடு கலந்து பேசுவது அவருக்குக் கடினமாயிற்று. ஒருவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதே அவர் யார் என்பதைத் தீர்மானித்தது.

ஊரைப் புரிந்துகொள்ள அவர் எடுத்துக்கொண்ட கருவி ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபருடையது. ஏற்றத்தாழ்வின் வேர் பொருளாதாரத்தில்தான் இருக்கிறது என்பது மார்க்ஸின் அடிப்படை வாதம். 1920இல் இறந்த வேபர் அதை முற்றாக மறுக்கவில்லை. ஆனால் வர்க்கம், அந்தஸ்து, கட்சி என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார்.

வர்க்கம் என்பது சந்தையில் ஒருவரின் நிலை. விற்க நிலம் இருக்கிறதா, படிப்பு இருக்கிறதா, உடலுழைப்பு மட்டும்தானா என்பதைப் பொறுத்து அவருடைய வாழ்க்கை வாய்ப்புகள் அமைகின்றன. அந்தஸ்து என்பது ஊர் தரும் மரியாதை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம், எந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதில் அது வெளிப்படும். கட்சி என்று வேபர் சொல்வது தேர்தல் கட்சியை மட்டுமல்ல; ஒரு முடிவைத் தமக்குச் சாதகமாகத் திருப்ப ஆட்கள் அணிதிரளும் எந்த அமைப்பும் அதில் அடங்கும்.

பழைய ஸ்ரீபுரத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே கோட்டில் கிடந்தன. மிராசுதார் பிராமணர், குத்தகைதாரர் பிராமணரல்லாதார், பண்ணையாள் ஆதிதிராவிடர். நிலம் யாரிடமோ மரியாதையும் அவரிடம். ஊர்க் காரியங்களில் கடைசிச் சொல்லும் அவருடையதே. அப்படிப்பட்ட ஊரில் மூன்றையும் ஒன்றென்று நினைப்பது இயல்பு.

பெத்தேல் போனபோது கோடுகள் விலகத் தொடங்கியிருந்தன. ஆங்கிலம் படித்த பிராமணக் குடும்பங்கள் உத்தியோகம் தேடி நகரங்களுக்குப் போயின. பலர் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர்களில் பிராமணரல்லாதாரும் இருந்தார்கள். இன்னொரு பக்கம், அக்ரகாரத்திலேயே நிலமில்லாத ஏழைக் குடும்பங்களும் இருந்தன. வர்க்கம் இப்படி மெல்ல நகர்ந்தது.

அதிகாரம் அதைவிட வேகமாக நகர்ந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்றானதும் தலைக்கணக்குக்கு மதிப்பு வந்தது. பஞ்சாயத்துத் தலைமை பிராமணரல்லாதார் கைக்குப் போனது. ஆள்பலமும் கட்சித் தலைவர்களின் தொடர்பும் இருந்தால், பெரிய நிலபுலன் இல்லாதவரும் செல்வாக்குப் பெற முடிந்தது. ஸ்ரீபுரத்தின் மிக முக்கியமான செய்தி இதுதான்: நிலத்தின் வழியாக வராத அதிகாரம் ஒன்று அந்த ஊரில் முளைத்திருந்தது.

அந்தஸ்துதான் மிகக் குறைவாக அசைந்தது. அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என்ற பிரிவு அப்படியே நின்றது. பஞ்சாயத்தில் வென்றதால் பந்தியில் யாருக்கும் இடம் மாறவில்லை. நிலத்தை விற்றுவிட்ட பிராமணருக்கும் கோயிலில் முதல் மரியாதை குறையவில்லை. பழைய நிலச்சொத்தே சேர்த்துக் கொடுத்த மரியாதைதான். ஆனால் நிலம் கைமாறியபோது அது கூடவே போய்விடவில்லை.

மூன்றில் எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒன்று மாறிய இடத்தில் மற்ற இரண்டும் என்ன ஆயின என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஸ்ரீபுரத்தின் ஆதிதிராவிடர் நிலை தெளிவாகத் தெரியும். மற்றவர்களுக்குக் கோடுகள் விலகின. பெரும்பாலும் கூலிகளாகவே இருந்த அவர்களுக்கு மூன்றும் அடித்தட்டிலேயே பின்னிக்கிடந்தன. வாக்கு கிடைத்தது உண்மை. ஆனால் கூலி கொடுப்பவரை எதிர்த்து அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். மூன்றையும் பிரித்துப் பார்ப்பது பகுப்பாய்வுக்குத்தான். வாழ்க்கையில் அவை ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருக்கும்.

இது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை மதுரை மாவட்டம் பின்னாளில் காட்டியது. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டம் அதிகாரத்தைக் கொடுத்தது. ஊரின் ஆதிக்கச் சாதியினர் அதை ஏற்கவில்லை. சில முறை மனுத் தாக்கல் செய்யவே யாரும் வரவில்லை. சில முறை வென்றவர் பதவியேற்ற சூட்டோடு ராஜினாமா செய்தார். எதிர்த்து நிற்க வேண்டியவர்களில் பலர் அதே ஆதிக்கச் சாதியினரின் வயல்களில் கூலிக்குப் போகிறவர்கள். பறிக்கப்பட்டது பதவி, பறித்தவை அந்தஸ்தும் வர்க்கமும்.

முறையாகத் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நீடிக்க முடிந்தது 2006இல்தான். அரசு இதற்காகத் தனி முயற்சி எடுக்க வேண்டியிருந்தது.