சுவரைக் கடக்கும் கேபிள், கடக்கக் கூடாத தீ

1975ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள்கள் நிறைந்த ஓர் அறைக்கும் அணு உலைக் கட்டடத்திற்கும் இடையிலான சுவரில் இரண்டு ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். கூடுதல் கேபிள்கள் இழுப்பதற்காகச் சுவரில் இருந்த பழைய அடைப்பு உடைக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டையில் நுரைப் பஞ்சைத் திணித்துவிட்டு, காற்று இன்னும் கசிகிறதா என்று பார்க்க மெழுகுவத்தியை அருகில் பிடித்தார்கள். சுவருக்கு அப்பால் காற்றழுத்தம் குறைவாக இருந்ததால், சுடர் ஓட்டைக்குள் இழுக்கப்பட்டது. நுரை தீப்பற்றியது.

சுமார் ஏழு மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமடைந்தன. கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை. ஆனால் உலையைக் குளிர்விக்கும் சாதனங்கள் பலவற்றை இயக்க முடியாமல் ஊழியர்கள் திணறினார்கள். தீ புகுந்த ஓட்டை ஓர் உள்ளங்கை அளவுகூட இல்லை.

அணுமின் நிலையத்தில் நடந்தது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். சிங்கப்பூரில் உள்ள ஒவ்வோர் உயர்மாடிக் கட்டடத்திலும் இதே போன்ற ஓட்டைகள் பல இருக்கின்றன. மின் பொறியியல், கட்டடச் சேவைகள் துறைகளில் படிப்பவர்கள் வேலைப் பயிற்சிக்குச் செல்லும்போது, அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பு அவர்கள் கைக்கே வரலாம்.

இரண்டு மணி நேரம் என்றால் என்ன?

கட்டடங்கள் தீயணைப்புக்காகப் பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஓர் அறையில் பிடித்த தீ குறிப்பிட்ட நேரம் அந்த அறையிலேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதே நோக்கம். மின் விசையறையின் சுவர் “இரண்டு மணி நேரச் சுவர்” என்றால், சோதனை உலையில் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்த கட்டமைப்பு அது என்று பொருள். அந்த உலையின் வெப்பம் இரண்டு மணி நேர முடிவில் ஏறத்தாழ 1,050 டிகிரி செல்சியசை எட்டும்.

சோதனையில் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, தீயோ சூடான வாயுவோ மறுபக்கம் வரக் கூடாது. மற்றொன்று, மறுபக்கத்தின் வெப்பம் எந்தப் புள்ளியிலும் தொடக்க நிலையைவிட 180 டிகிரிக்கு மேல் உயரக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சுடர் வராவிட்டாலும், சுவர் கொதித்தால் அதை ஒட்டி அடுக்கிய அட்டைப்பெட்டிகள் தாமாகவே பற்றிக்கொள்ளும்.

சுவரில் ஓட்டை போட்டதும் அந்த இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. ஓட்டையை அடைக்கும் முறையும் அதே சோதனையில் தேறியிருந்தால்தான் அது திரும்பக் கிடைக்கும்.

ஒரு கேபிள் டிரேயை எடுத்துக்கொள்வோம்

150 மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கல் சுவர். அதன் வழியே 450 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கேபிள் டிரே செல்கிறது. சுவரில் 600க்கு 250 மில்லிமீட்டர் அளவில் ஓட்டை வெட்டியிருக்கிறார்கள். டிரேயைச் சுற்றி நாலாபுறமும் 75 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது.

இதை அடைக்கப் பரவலாகப் பயன்படுவது, மேற்பரப்பில் தீத்தடுப்புப் பூச்சு பூசிய 50 மில்லிமீட்டர் தடிமனான கனிமப் பஞ்சுப் பலகை. இரண்டு மணி நேரத்திற்குச் சோதிக்கப்பட்ட பல முறைகளில் இரண்டு பலகைகள் தேவைப்படும். சுவரின் இருபுற முகங்களோடும் சமமாக ஒவ்வொன்றாகப் பொருத்தினால், நடுவில் 50 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். பலகையின் ஓரங்கள், டிரேயைச் சுற்றிய விளிம்புகள், கேபிள்களுக்கு இடையிலான சந்துகள் ஆகியவற்றைத் தீத்தடுப்பு சீலண்ட் கொண்டு நிரப்ப வேண்டும்.

சந்துகளில்தான் தவறு நடக்கிறது. கட்டாகக் கிடக்கும் முப்பது கேபிள்களுக்கு மேல் சீலண்டைப் பூசினால் வெளியிலிருந்து பார்க்க அடைப்பு முழுமையாகத் தெரியும். ஆனால் கட்டின் உள்ளே, கேபிளுக்கும் கேபிளுக்கும் இடையே, காற்று போகும் வழி அப்படியே இருக்கும். கேபிளின் பிளாஸ்டிக் உறை எரிந்து சுருங்கியதும் அந்த வழி இன்னும் பெரிதாகும். இதற்காகவே சில முறைகளில் சூட்டில் உப்பிப் பெருகும் சீலண்டைக் கேட்கிறார்கள். உறை எரிந்து விட்டுப்போகும் இடத்தை அது நிரப்பிவிடும்.

இன்னொரு சிக்கல் செம்பு. நல்ல மின்கடத்தியான செம்பு, நல்ல வெப்பக்கடத்தியும்கூட. அடைப்பு உறுதியாக நின்றாலும், தடிமனான மின்கேபிள் தீயின் சூட்டைச் சுவருக்கு அப்பால் கொண்டுசெல்லும். அதனால் சில முறைகளில் சுவரின் இருபுறமும் குறிப்பிட்ட நீளத்துக்குக் கேபிள்கள்மீதும் பூச்சு பூச வேண்டும். சோதனை அறிக்கையின் வரைபடத்தில் அந்த நீளம் இருக்கும். தளத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

டிரேயைத் தாங்கும் பிடிமானங்களும் அடைப்பின் ஒரு பகுதியே. சுவருக்கு மிகத் தள்ளி முதல் பிடிமானம் இருந்தால், தீயில் டிரே வளைந்து தொங்கும். அப்போது பலகை பிய்ந்து வரும். எவ்வளவு தூரத்திற்குள் பிடிமானம் இருக்க வேண்டும் என்பதும் அதே வரைபடத்தில் இருக்கும்.

காற்றுக் குழாய் வேறு கதை

கேபிள் டிரேயில் ஓட்டையை அடைத்தால் போதும். குளிரூட்டலுக்கான காற்றுக் குழாயில் அது போதாது, ஏனென்றால் குழாயே ஒரு ஓட்டை. அதைச் சுற்றி எவ்வளவு நன்றாக அடைத்தாலும், புகையும் தீயும் குழாய்க்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போய்விடும்.

ஆகவே குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் ஃபயர் டேம்பர் என்ற தடுப்புக் கதவு வைக்கப்படுகிறது. சுமார் 72 டிகிரியில் உருகும் ஓர் உலோக இணைப்பு அதன் தகடுகளைத் திறந்த நிலையில் பிடித்திருக்கும். சூடான காற்று வந்ததும் இணைப்பு அறுந்து, தகடுகள் மூடிக்கொள்ளும். டேம்பர் மூடிய நிலையில் சுவரின் தளத்திலேயே நிற்க வேண்டும். ஒரு மீட்டர் தள்ளிப் பொருத்தினால், இடையில் உள்ள மெல்லிய தகரக் குழாய் சூட்டில் சரியும். அதோடு டேம்பரும் போய்விடும்.

இங்கே ஒரு வியப்பான விஷயம் உண்டு. சில வகை டேம்பர்களில், உறைக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைக்கவே கூடாது. எஃகு சூட்டில் விரியும். வெப்பம் 800 டிகிரி உயர்ந்தால் ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகு ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நீளும். 600 மில்லிமீட்டர் அகல டேம்பர் என்றால் 6 மில்லிமீட்டர். இறுக்கமாக அடைத்துவிட்டால் உறை விரிய இடமின்றி வளையும். தகடுகள் பாதியில் சிக்கிக்கொள்ளும். அந்த வகைகளில் இடைவெளியை விட்டுவைத்து, இருபுறமும் எல் வடிவக் கோணச் சட்டத்தால் மூடுவார்கள். வேறு வகைகளிலோ சாந்து அல்லது கனிமப் பஞ்சு கொண்டு நிரப்புவது கட்டாயம். எது சரி என்பதை அந்த டேம்பர் எப்படிச் சோதிக்கப்பட்டதோ அதுவே முடிவு செய்யும். “எல்லா ஓட்டையையும் அடை” என்ற பொதுவிதி இங்கே செல்லாது.

சமையலறைப் புகை வெளியேற்றும் குழாயில் ஃபயர் டேம்பர் வைப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அது இயங்காமல் போகும். தீயின்போது மூடிக்கொண்டால், வெளியேற வேண்டிய புகையும் உள்ளே தங்கிவிடும். அத்தகைய குழாய்க்குத் தீயைத் தாங்கும் உறை கட்டுவார்கள்.

எப்போது, எங்கே பார்ப்பது?

அடைப்பை மூன்று முறை பார்க்க வேண்டும்.

முதல் முறை, அடைப்பதற்கு முன். ஓட்டையின் அளவை நாடாவால் அளந்து, சோதனை வரைபடம் அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பில் தூசியும் உதிரும் சிமெண்டும் இருந்தால் சீலண்ட் ஒட்டாது. பிடிமானங்களின் தூரத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள்.

இரண்டாம் முறை, அடைக்கும்போது. உள்ளே எத்தனை பலகைகள் இருக்கின்றன, கேபிள்களைப் பிரித்து இடையே சீலண்ட் செலுத்தினார்களா என்பதை அப்போது மட்டுமே கண்ணால் பார்க்க முடியும். ஒவ்வோர் அடைப்பையும் எண்ணிட்டுப் படம் எடுத்து வைப்பது நல்லது.

மூன்றாம் முறை, முடிந்த பின். சுவரின் இருபக்கமும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பலகை, மறுபக்கம் வெறும் ஓட்டை என்ற நிலை அடிக்கடி அகப்படும். பொய்க் கூரையின் பலகையைத் தூக்கி, சுவர் மேல்தளம் வரை போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கூரையோடு சுவர் நின்றுவிட்டால் அடைப்பினால் பயனில்லை. சந்தேகம் வந்தால் ஓரிரண்டு அடைப்புகளை வெட்டித் திறந்து ஆழத்தை அளப்பதுண்டு. வெட்டியதை உடனே மீண்டும் அடைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

டேம்பரைப் பொறுத்தவரை, குழாயில் ஆய்வுக் கதவு இருக்க வேண்டும். அதைத் திறந்து, இணைப்பைக் கழற்றி, தகடுகள் முழுமையாக மூடுகின்றனவா என்று பார்க்கலாம். ஆய்வுக் கதவுக்கு எதிரே வேறொரு குழாயைக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கவே முடியாதபடி செய்துவிடுவதும் தளங்களில் நடப்பதுதான்.

ஏமாற்றும் நுரை

பொறுப்பற்ற வேலையின் அடையாளம் பெரும்பாலும் ஒரு டப்பா நுரை. சாதாரண பாலியூரித்தேன் நுரை வேகமாக உப்பி ஓட்டையை அழகாக நிரப்பும், தீயில் எரியும். இளஞ்சிவப்பு நிறத்தில் “தீத்தடுப்பு” என்று எழுதிய நுரைகளும் உண்டு. அவற்றில் பல, குறுகலான நேர்க்கோட்டு இடைவெளிகளுக்கு மட்டுமே சோதிக்கப்பட்டவை. கேபிள் டிரே செல்லும் அகலமான ஓட்டைக்கு அந்தச் சான்று பொருந்தாது. டப்பாவில் உள்ள எழுத்தைப் பார்க்காமல், இந்த அளவு ஓட்டைக்கு, இந்தச் சுவருக்கு, இந்தக் கேபிள்களுக்கு எந்தச் சோதனை அறிக்கை என்று கேளுங்கள்.

கட்டடம் திறந்த பிறகுதான் ஆபத்து

சிங்கப்பூரில் புதிய கட்டடம் பயன்பாட்டுக்கு வருமுன் பதிவுபெற்ற ஆய்வாளர் தீப்பாதுகாப்பு வேலைகளைப் பரிசோதிக்கிறார். அன்றைக்கு எல்லா அடைப்புகளும் சரியாகவே இருக்கலாம். அடுத்த ஆண்டு ஒரு வாடகைதாரர் புதிய இணைய இணைப்புக் கேட்பார். கேபிள் இழுக்க வந்தவர் பலகையில் துளையிட்டு, இரண்டு கேபிள்களைச் செருகிவிட்டுப் போவார். 50 மில்லிமீட்டர் துளைதான். அரை மணி நேர வேலை என்பதால் யாருக்கும் சொல்லவும் மாட்டார்.

பிரவுன்ஸ் ஃபெர்ரியில் உடைக்கப்பட்ட அடைப்பும் கூடுதல் கேபிளுக்காக உடைக்கப்பட்டதுதான். அதனால்தான் ஒவ்வோர் அடைப்பின் அருகிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட வேண்டும்: அடைப்பின் எண், பயன்படுத்திய முறை, செய்த தேதி, செய்த நிறுவனம், பிரித்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விவரம். அடிக்கடி கேபிள் மாறும் இடங்களில், எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கக்கூடிய தீத்தடுப்புத் தலையணைகளைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பதும் உதவும்.

வேலைப் பயிற்சியின்போது மின்கேபிள் அறைக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால், கைவிளக்கை எடுத்துச் செல்லுங்கள். ஒருவரைச் சுவரின் மறுபக்கம் நிற்கச் சொல்லி, டிரேயை ஒட்டி விளக்கை அடியுங்கள். அவருக்கு வெளிச்சம் தெரிந்தால், சீட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டாலும் அடைப்பு சரி என்று முடிவு செய்துவிட வேண்டாம். உள்ளே எத்தனை பலகைகள் இருக்கின்றன என்பதை விளக்கு காட்டாது. அதற்கு, அடைக்கும்போது எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.